கூட்டாமல், குறைக்காமல் ஒரு பிறந்தநாள் கடிதம்

1

பெற்ற தாயை ஏமாற்றப் போய்க் கையும் களவுமாகப் பிடிபட்டதில் பிறந்த கதை இது.

இதைவிடக் கௌரவமான தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். "எழுபத்தெட்டு வயதில் ஒரு பெண் தன் பேரனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது" என்று ஒன்று. அம்மா உட்கார்ந்தாள், சரி. எழுதியது நான். அதனால் முதல் வாக்கியத்திலேயே பொய். "கடிதங்கள் வழக்கொழிந்துவிட்ட இந்தக் காலத்தில்" என்று இன்னொன்று. அதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.

எனவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத்தாளன். இருக்கிறதோடு கொஞ்சம் சேர்த்து எழுதுவது என் தொழில். அம்மா முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். கூண்டில் ஏறி நின்றவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது அவள் தொழில். ஒரே வீட்டில் இந்த இரண்டு தொழிலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதை ஒரு சாட்சி.

[சதுர அடைப்புக்குள் வருபவை, இதைப் படித்தும் கேட்டும் மற்றவர்கள் சொன்னவையும் செய்தவையும். இந்தப் பகுதிக்கு அம்மா சொன்னது: "முப்பத்தொண்ணு இல்ல. முப்பது வருஷம் ஏழு மாசம்."]

2

என் மகனுக்கு அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கடிதம் எழுதுவாள். முதல் கடிதம் அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு. படிக்க வேண்டியவன் அதன் ஒரு மூலையைத் தின்றுவிட்டான். அன்றிலிருந்து இருபத்து நான்கு கடிதங்கள். ஒவ்வொன்றின் இடது மேல் மூலையிலும் எண் இருக்கும், வலது மூலையில் தேதி.

அந்தக் கடிதங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வாழ்த்து. அதில் "நீடூழி வாழ்க" போன்ற பொதுச் சரக்கு கூடாது. அந்த வருடம் அவனுக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டு வாழ்த்த வேண்டும். அடுத்து அவனுடைய குழந்தைப் பருவத்திலிருந்து ஒரே ஒரு நினைவு. அவனுக்கு ஞாபகம் இல்லாததாக இருந்தால் நல்லது. தெரிந்ததையே திரும்பச் சொல்வதற்கு எதற்குத் தபால்தலை? கடைசியில் ஒரு புத்திமதி. ஒன்றுதான். அதுவும் அம்மா தானே தவறிய விஷயமாக இருக்க வேண்டும். "நான் ஒழுங்கா செஞ்சதைப் பத்திச் சொன்னா அது பெருமை. தவறினதைச் சொன்னாத்தான் அது புத்திமதி" என்பாள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதலில் குறிப்பு எடுப்பாள். பிறகு கோடு போட்ட தாளில் நல்ல பிரதி. மூன்றாக மடித்து, பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால் தபாலில் போடுவாள். ஒரே வீட்டில் இருந்த காலத்திலும் தபாலில்தான் போட்டாள். "கையில குடுத்தா எதிர்லயே நின்னு படிக்கணும். பாவம், சிரிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும்."

இந்த வருடம் இருபத்தைந்தாவது. இந்த வருடம் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

முழுக்க இல்லாமல் போகவில்லை. இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். என் முகத்தை நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் வட்டம், சுற்றிலும் காதும் தலைமுடியும். முகம் வேண்டுமென்றால் என் தோளைப் பார்ப்பாள். கதவு தெரியும், படிக்கட்டு தெரியும், தட்டு தெரியும். எழுத்துதான் தெரியாது.

3

இப்போது என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் என் கை நிற்கிறது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் இருக்கிறான். தன் அம்மாவோடு பேசுவான், பாட்டியோடு பேசுவான். என்னோடு இரண்டு வருடம் நான்கு மாதமாகப் பேசவில்லை.

பத்தொன்பது வயதில் அவன் கல்லூரியை விட்டான். விட்டதை யாரிடமும் சொல்லாமல், நான்கு மாதம், தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்

[இங்கே பதினோரு வரிகள் இருந்தன. என் மகன் அடித்துவிட்டான். அடிக்கும் உரிமை அவனுக்கு எப்படி வந்தது என்பது பின்னால் வரும்.]

ஒரு மாலை, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, எல்லாவற்றையும் என்னிடம் மட்டும் சொன்னான். நான் தோளில் கை வைத்தேன். பரவாயில்லை என்றேன். மூன்று வருடம் கழித்து அதை ஒரு கதையாக எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். நல்ல கதை என்றார்கள். நான்கைந்து பேர் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதார்கள். அவனுடைய பள்ளித் தோழன் ஒருவன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவனுக்கே அனுப்பி, "டேய், இது நீதானே?" என்று கேட்டிருக்கிறான்.

அந்த வாரமே ஊரை விட்டுப் போனான். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. பிறந்தநாள் வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் அம்மா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"பேப்பர், பேனா எடுத்துக்கோ. லெட்டர் எழுதணும்."

"நானா?"

"உன் கைதானே சும்மா இருக்கு?"

"அவகிட்ட சொல்லும்மா. அவ எழுதினா அவன் சந்தோஷமா படிப்பான்." அவள் என்றது என் மனைவியை.

"அவ எழுதினா பாதியில அழுவா. பேப்பர் நனையும். நீ உட்காரு."

"என் கையெழுத்தைப் பார்த்தா அவன் பிரிக்கவே மாட்டான்."

"கவர் மேல அட்ரஸ அவ எழுதட்டும். உள்ளே நீ." யோசித்து வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. "சொன்னதை மட்டும் எழுது. சந்தேகம்னா நிறுத்திக் கேளு. நடுவுல கருத்து சொல்லாதே. முடிஞ்சதும் படிச்சுக் காட்டணும்."

காலண்டர் தாள் இல்லை. குறிப்பெல்லாம் தலைக்குள் இருந்தது. இரண்டு நாளாகக் குளிக்கும்போதும் மாத்திரை போடும்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது இதற்குத்தான். கடிதத்துக்கென்று அவள் ஒரு தனித் தமிழ் வைத்திருக்கிறாள், பேச்சுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒன்று. அதில் சொன்னாள். என் வேகத்துக்கு ஏற்றபடி, நான்கு நான்கு சொல்லாக. நிறுத்தும்போது, "புள்ளி" என்றாள்.

முதல் பக்கம் முடிந்ததும் படித்துக் காட்டினேன். நினைவுப் பகுதியின் முதல் வரிகளில் எனக்கே தெரியாமல் கொஞ்சம் கை வைத்திருந்தேன்.

"நிறுத்து," என்றாள். "மழைன்னு நான் சொன்னேனா?"

"இல்ல."

"அன்னிக்கு மழையே இல்ல. கொடி முழுக்கத் துணி காஞ்சுது. வெயில் கொளுத்துச்சு."

"ஒரு சூழலுக்காக..."

"சூழல் வேணும்னா உன் புத்தகத்துல போட்டுக்கோ. சாட்சி சொல்லாததை எழுதினா அதுக்குப் பேர் வேற." பிறகு கொஞ்சம் இறங்கி, "அடிச்சிட்டு எழுது. அடிச்சது தெரியட்டும், பரவாயில்ல. நல்ல காப்பி அப்புறம் எழுதிக்கலாம்" என்றாள்.

மழையை அடித்தேன். வெயிலை எழுது என்றும் அவள் சொல்லவில்லை என்பதால் எழுதவில்லை.

5

கடிதம் இது. முழுக்கத் தருகிறேன்.

*என் பட்டாணிக்கு,*

*இது இருபத்தைந்தாவது கடிதம். உனக்கு இருபத்தைந்து முடிந்து இருபத்தாறு தொடங்குகிறது. யாராவது வயதைக் கேட்டால் இருபத்தைந்து என்றே சொல். அவசரப்படாதே.*

*உன் முழங்கால்கள் நன்றாக இருக்க வேண்டும். நீ ஏறி நிற்கும் இடத்தில் கம்பிகள் வலுவாக இருக்க வேண்டும். நீ குழிக்குள் இறங்கியிருக்கும்போது மேலே நிற்பவன் சுவிட்சில் கை வைக்காதவனாக இருக்க வேண்டும். நேரத்துக்குப் பசி எடுக்க வேண்டும், பசிக்கும்போது சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். சிரிப்பு வந்தால் கூடச் சிரிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் உனக்குக் கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். மற்றதெல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய்.*

*எப்போதும் உனக்கு ஞாபகம் இல்லாததைத்தான் எழுதுவேன். இந்தத் தடவை உனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன். ஆனால் அதில் ஒரு பாதி உனக்குத் தெரியாது.*

*உனக்கு ஆறு வயது. உன் அப்பாவுக்கு வெளியூரில் ஒரு பத்திரிகையில் ஆறு மாத வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை பயணம். இஸ்திரி போட்ட ஏழு சட்டைகள் கட்டிலின் மேல் இருந்தன. நான் மதியம் வீட்டுக்கு வந்தபோது நீ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். நகம் வெட்டும் கத்தரியால் ஏழு சட்டைகளிலும் எல்லாப் பொத்தான்களையும் வெட்டியிருந்தாய். மணிக்கட்டுப் பொத்தான்களைக் கூட விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "பட்டன் இல்லேன்னா சட்டை போட முடியாது, சட்டை இல்லேன்னா ஊருக்குப் போக முடியாது" என்றாய். சரியான வாதம். ஊசி நூல் பெட்டியை எடுத்தேன்.*

*இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். நீ ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாய். அழுதுகொண்டே கோத்தாய், ஆனால் ஒரு தடவை கூடத் தவறவில்லை. ஐந்தரைக்கு முடித்தோம். ஒரு பொத்தான் மட்டும் கிடைக்கவில்லை. என் பழைய ரவிக்கையிலிருந்து ஒன்றை எடுத்து, நீலச் சட்டையில், கால்சட்டைக்குள் போகும் இடத்தில் தைத்தேன். மறுநாள் அவன் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினான். நீ வாசலில் நின்று அவன் சட்டையையே பார்த்தாய்.*

*உனக்குத் தெரியாத பாதி இது. நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சொன்னால் அவன் போக மாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த வேலை அப்போது அவனுக்கு வேண்டியிருந்தது. அது நான் எடுத்த முடிவு. சரியா தப்பா என்று இன்றும் தெரியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும் உன் அப்பனுக்கே இந்த நிமிடம்தான் தெரிகிறது. பேனா நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.*

*இனிப் புத்திமதி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு சாட்சி மெதுவாகப் பேசினார். கடைசிச் சொல் முழுதாகக் காதில் விழவில்லை. "தெரி" வரைக்கும்தான் கேட்டது. நிறுத்தி மறுபடி கேட்டிருக்கலாம். புதுசு, வெட்கம். அவர் முகத்தைப் பார்த்து, "தெரியும்" என்று எழுதிவிட்டேன். மறுநாள் படித்துக் காட்டியபோது அவர் "தெரியாதுன்னுதானே சொன்னேன்" என்றார். திருத்திவிட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க அந்த மனிதர் என் பேனாவில் பொய்யராக இருந்தார்.*

*காதில் சரியாக விழாவிட்டால் இன்னொரு தடவை கேள். நீயாக எழுதிக்கொள்ளாதே. இவ்வளவுதான்.*

*நன்றாக இரு.*

*உன் பாட்டி*

6

பேனா நின்றது உண்மை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

வாசலில் அவன் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இருக்கிறான் என்று நினைத்துத் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டேன். அந்த நீலச் சட்டையை ஆறு மாதம் போட்டேன். கடைசிப் பொத்தான் வேறு மாதிரி என்று ஒரு நாளும் கவனிக்கவில்லை. கூர்ந்து கவனிப்பவன் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

"எழுதறியா, இல்ல நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றாள் அம்மா.

"எழுதறேன்."

"'கொஞ்சம் பொறுத்துக்கொள்.' புள்ளி."

மதியம் நல்ல பிரதி எழுத உட்கார்ந்தேன். குற்றம் நடந்தது அப்போதுதான். "நன்றாக இரு" என்பதற்குக் கீழே, அம்மாவின் நடையிலேயே, ஒரு வரி சேர்த்தேன்: "உன் அப்பா உன்னைத் தினமும் நினைத்துக்கொள்கிறான்."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாதம் தயாராக இருந்தது. அது பொய்யில்லை. அம்மாவும் அதை மறுக்க மாட்டாள். பாட்டி சொன்னால் அவன் நம்புவான். நான் சொன்னால்? மூன்று பக்கத்தில் ஒரு வரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அதை மட்டும் தாண்டிவிட்டேன். கச்சிதமாக, மூச்சுக்கூட மாறாமல்.

"குடு, கையெழுத்துப் போடறேன்."

கையெழுத்துக்கு அவளிடம் ஒரு உபாயம் உண்டு. மருந்துப் பெட்டி அட்டையில் நீளமாக ஒரு துளை வெட்டி வைத்திருக்கிறாள். அதைத் தாளின் மேல் வைத்து, துளையின் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே உள்ளே எழுதினால் வரி கோணாது. அட்டையை எங்கே வைப்பது என்று பார்க்கத் தாளைத் தடவினாள். நான் பந்துமுனைப் பேனாவை அழுத்தி எழுதுகிறவன். எழுத்தின் பள்ளம் அவள் விரலுக்குத் தெரிந்தது. கடைசி வரியிலிருந்து தாளின் அடி வரைக்கும் விரல்களை அடுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"நாலு விரல் இடம் விடச் சொன்னேன். மூணுதான் இருக்கு."

"எழுத்து கொஞ்சம் பெருசாயிடுச்சும்மா."

"முதல் பக்கத்துல ஆகலையே." என் தோளைப் பார்த்தாள். அதாவது என் முகத்தை. "கீழே என்ன எழுதியிருக்கே? படி."

ஐம்பத்து மூன்று வயதில் படித்தேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் துடைப்பாள்.

"நிஜம்தானே இது?"

"நிஜம்தாம்மா."

"ஆனா நான் சொல்லல. போன தடவை என்ன பண்ணினே? அவன் சொன்னதை எடுத்து நீ சொன்ன மாதிரி எழுதினே. இப்ப நீ சொல்ல வேண்டியதை நான் சொன்ன மாதிரி எழுதறே. உனக்குன்னு ஒரு வாய் இருக்கா இல்லையா?"

[இந்த இடத்தில் அம்மா: "கடைசியா அவ்வளவு காட்டமாவா கேட்டேன்?" அவ்வளவு காட்டமாகத்தான் கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.]

கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதினேன். படித்துக் காட்டினேன். நான்கு விரல் இடம் சரியாக இருந்தது. "உன் பாட்டி" என்று அட்டையின் துளைக்குள் எழுதினாள். 'ட்டி' மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது.

"இப்ப அதுக்குக் கீழே எழுது. நாங்க ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் கீழே எழுதறது. 'சொல்லச் சொல்லக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன்.' உன் கையெழுத்தைப் போடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நிஜமா அப்படித்தானே எழுதியிருக்கே? அப்புறம் என்ன?"

இருபத்தைந்து வருடமாக என் பெயரைப் புத்தகங்களில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போட்டது அன்றைக்குத்தான்.

7

(இது ஒரு ஓரக் குறிப்பு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

கடிதத்தைத் தபாலில் போட்ட திங்கள் மதியமே இந்தக் கதையின் முடிவுகளை எழுத ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி. முதல் முடிவில் கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வருகிறது. அழகான முடிவு, நான்கைந்து பேர் தொலைபேசியில் அழுவார்கள். இரண்டாவதில் அவன் படித்துவிட்டுப் பதில் எழுதாமல், ஒரே ஒரு பொத்தானை மட்டும் உறையில் போட்டு அனுப்புகிறான். இது இன்னும் அழகு. இதை எழுதி முடித்தபோது என் முகத்தில் புன்னகை இருந்தது. பிறகு, என் மகன் என்னோடு பேசாமலே போவதை நினைத்து நான் புன்னகைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. இரண்டையும் கிழித்தேன். கிழித்ததைச் சொல்லிக் காட்டுவதும் ஒரு வித்தைதான். தெரியும். ஆனால் கிழித்தேன்.)

8

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அம்மாவின் தொலைபேசி அடித்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பது நிமிடம். இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"லெட்டர் வந்துச்சாம். படிச்சானாம்."

"அப்புறம்?"

"அவன்கிட்ட கேளு." புத்திமதிப் பகுதி எனக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது என்று அப்போது பட்டது. ஆனால் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை முழுக்க அவன் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

ஞாயிறு காலை முடிதிருத்தும் கடையில் இருந்தேன். முகத்தில் நுரை, ஒரு பக்கம் மழித்தாகிவிட்டது. மடியில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சார், பையன்னு போட்டிருக்கு" என்றார்.

துணிக்குள்ளிருந்து கையை எடுப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டது. காதில் வைத்தேன். காது முழுக்க நுரை.

"அப்பா."

"ம்."

"பிஸியா?"

"இல்ல. சவரம்." இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து நான் என் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். இதைவிட நல்லதாக ஒன்றை இங்கே மாற்றி எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பக்கம், எங்கோ தூரத்தில் இரும்பு இரும்பில் பட்டது. வேலைக்கு நடுவில் பேசுகிறான்.

"கூட்டாமல் குறைக்காமல்னு கையெழுத்து போட்டிருக்கீங்க."

"ஆமா."

"நிஜமாவா?"

"ஒரு வரி கூட்டினேன். பாட்டி பிடிச்சுட்டாங்க. அடிச்சிட்டு மறுபடி எழுதினேன்."

அவன் சிரித்தான். சத்தமாக இல்லை, மூக்கால். சின்ன வயதில் பல்லை மறைப்பதற்காக அப்படிச் சிரிப்பான். "எப்படிப் பிடிச்சாங்க?"

"விரலால அளந்து."

இப்போது நன்றாகவே சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

"பட்டன் விஷயம் உங்களுக்கு நிஜமா தெரியாதா?"

"தெரியாதுடா. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் தெரியாது."

"நான் தெரியும்னு நினைச்சேன்பா. பாட்டி அன்னிக்கே சொல்லியிருப்பாங்கன்னு. தெரிஞ்சும் நீங்க தலையைத் தடவிட்டுப் போயிட்டீங்கன்னு. பத்தொம்போது வருஷமா." பிறகு, "நானே எழுதிக்கிட்டேன்" என்றான்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத முடியைப் பெருக்கப் போனார். நல்ல மனிதர்.

"அந்தக் கதை," என்றேன். "உன்னைப் பத்தினது. உன்கிட்ட கேக்காம எழுதிட்டேன். நீ என்னை நம்பிச் சொன்னது. தப்பு."

"ஆமா."

"நியாயம் சொல்ல ஒண்ணும் இல்ல. தப்பு."

"ஆமாப்பா. தப்புதான்." கோபம் இருந்தது. இருந்ததைச் சொன்னான், அது போதுமாக இருந்தது. மூச்சு விட்டேன். எத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்தேனோ, கண்ணாடியில் இருந்த பாதி முகத்துக்காரனின் தோள்கள் இரண்டு விரல் இறங்கின. கண்ணில் நுரை போய் எரிந்தது.

[என் மகன்: "நுரைன்னு சொல்லித் தப்பிக்காதீங்க." சரி. அழுதேன்.]

"இதையும் எழுதுவீங்கல்ல?" என்றான். "பட்டன், லெட்டர், பாட்டி விரல் வச்சது. இந்நேரம் தலைப்பு யோசிச்சிருப்பீங்க."

"நீ வேண்டாம்னா எழுத மாட்டேன்."

"யோசிச்சீங்களா, இல்லையா?"

"யோசிச்சேன்."

"எழுதுங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு வரணும். நான் அடிச்சா அடிச்சதுதான். பாட்டிக்குப் படிச்சுக் காட்டணும். அப்புறம்..." லிஃப்ட் கதவு எங்கோ மூடியது. "இந்தச் சனி இல்ல, அதுக்கு அடுத்த சனிக்கிழமை காலையில வர்றேன். மூணு நாள் லீவு. அதை எழுதக் கூடாது. நான் வர்றது, பேசறது, எதுவும். அது நம்ம வீட்டு விஷயம்."

"சரி."

"கையெழுத்து போடுவீங்களா?"

"போடறேன்."

"சரி, போய் மீதி பாதிய முடிங்க" என்று வைத்துவிட்டான்.

கடைக்காரர் நுரையைப் புதிதாகக் கலக்கிக்கொண்டு வந்தார். "காய்ஞ்சிடுச்சு சார், மறுபடி போடணும்" என்றார். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன்.

9

இன்று வெள்ளிக்கிழமை மதியம். இந்தப் பிரதியைப் போன வாரம் அவனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். இந்தப் புதன்கிழமை திரும்பி வந்தது. பதினோரு வரிகளையும் வேறு மூன்று இடங்களையும் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறான். அடித்த பிறகு கதை நன்றாக இருக்கிறது. அதைச் சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு நேற்று படித்துக் காட்டினேன். ஐந்து இடத்தில் நிறுத்தினாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். முடித்ததும், "பரவாயில்ல, கிட்டத்தட்ட நடந்த மாதிரியே இருக்கு" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுதான் பெரியது.

வீட்டில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. என் மனைவி அவன் அறையின் திரைச்சீலையை இரண்டாவது தடவை மாற்றுகிறாள். அம்மா தலையணை உறைகளின் தையலைத் தடவிப் பார்த்து, பிரிந்தவற்றை ஒதுக்குகிறாள். என்னைப் பால் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தேன். போதாது என்று மறுபடி அனுப்பினார்கள்.

நாளை காலை ஏழேகாலுக்குப் பேருந்து வரும். ஒரு கதைக்கு முடிவு வேண்டியது சரியாக அந்த இடத்தில்தான். வருகிறவன் முதலில் யாரைப் பார்ப்பான், நான் என்ன சொல்வேன், அவன் பையை யார் வாங்குவார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே "பேருந்து நிலையத்தில் அவன் இறங்கியபோது" என்று

இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் போடவில்லை. நாளைக் காலையை உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள். கட்டிப்பிடிக்க வையுங்கள், சண்டை போட வையுங்கள், பேருந்தைத் தாமதமாக்குங்கள், உங்கள் இஷ்டம். எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்; சொல்ல மாட்டேன்.

எனக்கு நாளை வேறு வேலை இருக்கிறது. பல வருடங்களில் முதல் தடவையாக ஒரு காலைப்பொழுதில், எதையும் குறித்துக்கொள்ளாமல், என் மகனை வெறுமனே பார்க்கப் போகிறேன்.